டவர் டெக்னீஷியனின் ராஜினாமா: ஒரு பக்கக் கடிதமும் அதன் இணைப்பும்

கோவை மாவட்டத்தின் மேற்கு ஓரம், மலையடிவாரக் கிராமங்கள். அங்கே நிற்கும் செல்போன் டவர்களைப் பராமரிக்கும் ஒரு டெக்னீஷியனை எடுத்துக்கொள்வோம். டிப்ளமோ இ.சி.இ. முடித்து 2018 டிசம்பர் 10 அன்று வேலைக்குச் சேர்ந்தவர். பகலில் டவர், மாலையில் கோவையில் பகுதிநேர பி.இ. வகுப்பு என்று சில ஆண்டுகள் ஓடி, முதல் வகுப்பில் தேறியிருக்கிறார். பாலிடெக்னிக்கில் விரிவுரையாளராக ஏ.ஐ.சி.டி.இ. கேட்கும் அடிப்படைத் தகுதி அதுதான்: உரிய பிரிவில் முதல் வகுப்பு பொறியியல் பட்டம். தனியார் பாலிடெக்னிக் ஒன்று அவரை 2026 ஜூன் 15, திங்கட்கிழமை சேரச் சொல்லியிருக்கிறது.

இவர் இந்தக் கட்டுரைக்காக உருவாக்கப்பட்டவர். இவருடைய சம்பளக் கணக்கும் டவர் விவரங்களும் இந்த வேலையில் இருப்பவர்கள் நாள்தோறும் பார்க்கிற வகையைச் சேர்ந்தவை. இனி அவர் ஒரு ராஜினாமா கடிதம் எழுத வேண்டும். நிறுவனங்களுக்கு இதைப் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் அனுப்புகிறார்கள். உள்ளடக்கம் தமிழில் இப்படி இருக்கும்:

"நாள்: 11.05.2026. பெறுநர்: மனிதவளப் பிரிவு மேலாளர். நகல்: கிளஸ்டர் பொறுப்பாளர்.

பொருள்: பணி விலகல்.

ஐயா, நான் 10.12.2018 முதல் தங்கள் நிறுவனத்தில் டவர் டெக்னீஷியனாகப் பணிபுரிந்து வருகிறேன். ஆசிரியர் பணியில் சேர இருப்பதால் இப்பணியிலிருந்து விலக விரும்புகிறேன். என் பணி நியமனக் கடிதத்தில் உள்ள 30 நாள் முன்னறிவிப்பின்படி இக்கடிதத்தை அளிக்கிறேன். எனது கடைசிப் பணிநாளாக 12.06.2026, வெள்ளிக்கிழமையை ஏற்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

என் பொறுப்பில் உள்ள தளங்கள், பொருட்கள் பற்றிய ஒப்படைப்புக் குறிப்பை இணைத்துள்ளேன். என் இடத்துக்கு வருபவருடன் ஒவ்வொரு தளத்துக்கும் நேரில் சென்று ஒப்படைக்கத் தயாராக இருக்கிறேன். கடைசி நாளில் விடுவிப்புக் கடிதமும், பதவியையும் பணிக்காலத்தையும் குறிப்பிடும் அனுபவச் சான்றிதழும், சட்டப்படி சேர வேண்டிய நிலுவைகளும் வழங்குமாறு வேண்டுகிறேன்."

அவ்வளவுதான். எட்டு ஆண்டுகளுக்கு நெருக்கமான வேலைக்கு இவ்வளவு சின்னக் கடிதமா என்று தோன்றலாம். ஆனால் இதில் ஒவ்வொரு வரியும் ஒரு வேலையைச் செய்கிறது. முதலில் பெறுநர். டவர் வேலையில் பலர் தடுக்கி விழும் இடம் அதுதான்.

டவருக்குச் சொந்தக்காரர் ஒரு நிறுவனம். அதில் கருவிகளை வைத்திருப்பவை செல்போன் நிறுவனங்கள். தினசரிப் பராமரிப்பைச் செய்வது பல இடங்களில் மூன்றாவதாக ஒரு ஒப்பந்த நிறுவனம். டெக்னீஷியனின் சட்டையிலும் அடையாள அட்டையிலும் டவர் கம்பெனியின் பெயர் இருக்கும்; சம்பளம் போடுவது ஒப்பந்தக்காரராக இருக்கும். தினமும் போனில் உத்தரவு போடுபவர் டவர் கம்பெனி அதிகாரி என்பதால், ராஜினாமாவையும் அவருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. ஒரு மாதம் கழித்துப் பார்த்தால், சம்பளம் போடும் நிறுவனத்தின் ஏட்டில் அவர் சொல்லாமல் நின்றுபோனவர் என்று பதிவாகியிருக்கும். உண்மையான முதலாளி யார் என்று தெரிந்துகொள்ள பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்தால் போதும். பணம் கட்டும் நிறுவனத்தின் பெயர் அதில் இருக்கும். கடிதம் அந்தப் பெயருக்குத்தான் போக வேண்டும். மின்னஞ்சலில் ஒரு பிரதி, கையில் ஒரு பிரதி கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் தேதியும் வாங்கிக்கொள்வது நல்லது.

அடுத்தது தேதி. நம் டெக்னீஷியனுக்கு முதலில் தோன்றிய கடைசி நாள் மே 31. மாதக் கடைசி, சம்பளக் கணக்குக்கு வசதி. புது வேலைக்கு முன் இரண்டு வாரம் ஓய்வும் கிடைக்கும். அந்தத் தேதியில் விலகினால் அவருடைய பணிக்காலம் 7 ஆண்டு, 5 மாதம், சில நாட்கள். ஜூன் 12 அன்று விலகினால் 7 ஆண்டு 6 மாதத்தைத் தாண்டி மூன்று நாள். இந்தப் பன்னிரண்டு நாளில் என்ன இருக்கிறது?

கிராஜுவிட்டி இருக்கிறது. ஐந்து ஆண்டு தொடர்ந்து வேலை பார்த்தவர் விலகும்போது, முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம் அவருக்குச் சேர வேண்டும். 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்த இந்தக் கணக்கு, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் அப்படியே தொடர்கிறது. மாதத்துக்கு 26 வேலைநாள் என்று வைத்து வகுப்பார்கள். கடைசி ஆண்டில் ஆறு மாதத்துக்கு மேல் வேலை பார்த்திருந்தால் அது முழு ஆண்டாகக் கணக்கில் வரும்; அதற்குக் குறைவாக இருந்தால் வராது.

இவருடைய அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து 14,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதை 15-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்தால் ஓர் ஆண்டுக்கு சுமார் 8,077 ரூபாய். மே 31 அன்று விலகினால் ஏழு ஆண்டுக்கு 56,538 ரூபாய். ஜூன் 12 அன்று விலகினால் எட்டு ஆண்டுக்கு 64,615 ரூபாய். கடிதத்தில் ஒரு தேதியை மாற்றி எழுதியதில் எட்டாயிரம் ரூபாய் வித்தியாசம். புதிய சட்டத் தொகுப்பில் சம்பளம் என்பதற்கான வரையறையும் மாறியிருக்கிறது. படிகள் மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதியும் சம்பளத்தோடு சேரும். அடிப்படைச் சம்பளத்தைக் குறைவாக வைத்து, பெட்ரோல் படி, சைட் படி என்று பிரித்துக் கொடுக்கும் வேலைகளில் இது கவனிக்க வேண்டிய விஷயம்.

ஒரு சிக்கலும் உண்டு. டவர் அதே டவர், வேலையும் அதே வேலை. ஆனால் இடையில் ஒப்பந்த நிறுவனம் மாறியிருக்கும். அப்போது பழைய ஆண்டுகள் புதிய நிறுவனத்தின் கணக்கில் வருமா என்ற தகராறு எழும். அப்படி மாறியவர்கள் ஒவ்வொரு நியமனக் கடிதத்தையும், மாற்றிய போது வந்த தாள்களையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

காரணத்தை அவர் ஒரே வரியில் முடித்திருக்கிறார். எந்தக் கல்லூரி, என்ன சம்பளம் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. இரவு மூன்று மணிக்கு வந்த அழைப்புகள், கிடைக்காத வார விடுமுறை, மழையில் ஏறச் சொன்ன மேலாளர் என்று எழுத நிறைய இருந்திருக்கும். அவை நியாயமானவையாகவும் இருக்கும். அவற்றை ராஜினாமாவில் கலந்தால் கடிதத்துக்கு பதில் வருவதற்கு முன் விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வரும், விடுவிப்புத் தள்ளிப்போகும். பாதுகாப்புக் குறையை எழுதத்தான் வேண்டும். அதைத் தனிக் கடிதமாக, தளத்தின் பெயரும் குறையும் தேதியும் போட்டு எழுதினால்தான் அடுத்து ஏறப்போகிறவருக்குப் பயன்படும்.

இனி இணைப்பு. கடிதத்தை எவரும் எழுதிவிடலாம். ஒப்படைப்புக் குறிப்பை அந்த டவர்களைப் பார்த்துக்கொண்டவர் மட்டுமே எழுத முடியும். அதில் ஒரு தளத்தைப் பற்றிய பத்தியை மட்டும் எடுத்துப் பார்க்கலாம்.

டவரின் கருவிகள் எல்லாம் மைனஸ் 48 வோல்ட் நேர்மின்சாரத்தில் ஓடுகின்றன. நேர்முனையைப் பூமியோடு இணைத்துவிடுவார்கள். மண்ணுக்குள் ஈரத்தில் கிடக்கும் செம்புக் கம்பி மின்னாற்பகுப்பால் அரித்துப்போவதைக் குறைக்க, பழைய தொலைபேசி நிலையங்களில் வந்த வழக்கம் இது, இன்றைக்கும் தொடர்கிறது. கரண்ட் இருக்கும்போது ரெக்டிஃபையர் இந்த மின்சாரத்தைத் தரும். கரண்ட் போனால் பேட்டரி பேங்க் தாங்கும். இரண்டு வோல்ட் செல்கள் 24-ஐ வரிசையாகக் கோத்ததுதான் அந்த பேங்க். இப்போது லித்தியம் பேட்டரிகள் நிறைய வந்துவிட்டாலும் இந்த ஈய அமில செல்கள் இன்னும் பல தளங்களில் இருக்கின்றன. அவையும் இறங்கினால் டீசல் ஜெனரேட்டர் ஓட வேண்டும்.

அடிவாரத்துத் தளம் ஒன்றைப் பற்றி அவர் எழுதியிருக்கும் வரி இது: "17-ஆம் செல் பலவீனம். கண்காணிப்புத் திரையில் தெரியாது."

ஏன் தெரியாது? கரண்ட் இருக்கும்போது ரெக்டிஃபையர் மொத்த பேங்கையும் 54 வோல்ட்டில் பிடித்து வைத்திருக்கிறது. அதாவது செல்லுக்கு 2.25 வோல்ட். 17-ஆம் செல் மட்டும் 2.08 வோல்ட்டுக்கு இறங்கியிருக்கிறது. ஆனால் ரெக்டிஃபையர் மொத்தத்தை மட்டுமே பார்க்கும். குறைந்த அந்தச் சிறு அளவு மற்ற 23 செல்களுக்கும் பகிர்ந்துபோய், அவை ஒவ்வொன்றும் 2.26-க்குக் கொஞ்சம் குறைவாக நிற்கும். கூட்டினால் அதே 54. எங்கோ நகரத்தில் இருந்து ஆயிரக்கணக்கான தளங்களைத் திரையில் பார்க்கும் கண்காணிப்பு மையத்துக்குத் தெரிவது அந்த 54 மட்டும்தான். எல்லாம் பச்சை.

கரண்ட் போனதும் கதை மாறுகிறது. நல்ல செல்கள் மெல்ல இறங்கி ஒவ்வொன்றும் 1.95 வோல்ட்டில் இருக்கும். அவற்றில் இன்னும் நிறையச் சார்ஜ் மிச்சம். பலவீனமான செல் அதற்குள் முழுக்கக் காலியாகிவிடும். வரிசையில் இருப்பதால் மற்றவை அனுப்பும் மின்னோட்டம் அதன் வழியாகத்தான் போயாக வேண்டும். அந்த வேகத்தில் அதன் முனைகள் தலைகீழாகி, மைனஸ் அரை வோல்ட்டுக்குக்கூடப் போய்விடும். இப்போது கூட்டிப் பார்ப்போம். 23 செல்கள் 1.95 வீதம் 44.85. அதில் அரை வோல்ட் கழிந்தால் 44.35. பேட்டரி அளவுக்கு மீறிக் காலியாகிப் பாழாகாமல் இருக்க, செல்லுக்கு 1.85 என்று கணக்கிட்டு 44.4 வோல்ட்டில் இணைப்பைத் துண்டிக்கும்படி அந்தத் தளத்தில் அமைத்திருக்கிறார்கள். அளவு அதற்குக் கீழே போனதும் ரிலே விழுந்து சைட் டவுன். 23 செல்களில் சார்ஜ் இருக்க, ஒரே ஒரு செல்லால் சுற்றுவட்டாரத்தில் சிக்னல் போய்விடுகிறது.

கண்டுபிடிக்க வழி எளிது. ரெக்டிஃபையரை நிறுத்தி, பேட்டரியில் லோடு ஓடவிட்டு, அரைமணி நேரம் கழித்து மல்டிமீட்டரால் ஒவ்வொரு செல்லாக 24 அளவையும் எழுத வேண்டும். ஒன்று மட்டும் கூட்டத்திலிருந்து பிரிந்து கீழே நிற்கும். இந்தச் சோதனையைச் செய்யும்போது ஜெனரேட்டர் உடனே எடுக்கும் நிலையில் இருப்பதை முதலில் உறுதிசெய்ய வேண்டும். கண்காணிப்பு மையத்துக்கும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பல நேரம் இந்த அளவெடுப்பு நடப்பதில்லை. ஒரு நாளில் பார்க்க வேண்டிய தளங்கள் அதிகம். 24 கட்டங்களிலும் 2.25 என்று நிரப்பிவிடுவது சுலபம். எல்லாக் கட்டங்களிலும் ஒரே எண் இருக்கும் அறிக்கை, யாரும் அளக்கவில்லை என்பதற்கான அடையாளம். உண்மையான செல்கள் இரண்டாவது தசம இடத்திலாவது கொஞ்சம் மாறித்தான் நிற்கும்.

அவருடைய குறிப்பில் அதனால்தான் மூன்று தேதிகளில் எடுத்த அளவுகள் அப்படியே இருக்கின்றன. செல்லை மாற்றக் கேட்டு எழுப்பிய டிக்கெட்டின் எண்ணும், அது இன்னும் நிலுவையில் இருக்கும் விவரமும் சேர்ந்திருக்கின்றன. புதிதாக வருபவர் முதல் மின்வெட்டில் திகைத்து நிற்க வேண்டியதில்லை. டிக்கெட் எண் இருப்பதால், ஜூலையில் சைட் டவுன் ஆகும்போது போனவர் மீது பழி போடவும் இடமில்லை.

குறிப்பின் மற்றப் பகுதிகள் இவ்வளவு நீளமில்லை. எந்தத் தளத்தின் கேட் சாவி யாரிடம், எந்தத் தோட்டக்காரர் எந்த வழியாக வண்டியை விடுவார், வாடகை பாக்கி என்று எந்த நில உரிமையாளர் கோபத்தில் இருக்கிறார், எந்த எர்த் பிட்டில் கோடையில் தண்ணீர் ஊற்றாவிட்டால் தடை அளவு ஏறும், எந்த டவர் உச்சியில் சிவப்பு விளக்கு மாற்ற வேண்டியிருக்கிறது என்று வரிவரியாகப் போகிறது.

இரண்டு பொருட்களை மட்டும் தனியாகக் கவனிக்க வேண்டும். ஒன்று டீசல். ஜெனரேட்டர் ஓடிய மணிநேரம், ஊற்றிய அளவு, டேங்கில் மிச்சம் ஆகிய மூன்றும் பொருந்தவில்லை என்றால், போன ஆள்தான் முதலில் சந்தேகத்துக்கு உள்ளாவார். கடைசி வாரத்தில் புதியவரோடு சேர்ந்து ஒவ்வொரு தளத்திலும் மீட்டரையும் டேங்க் அளவையும் படம் எடுத்து, தாளில் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். தனியாகப் போய் எடுத்த அளவுக்கு மதிப்பு குறைவு.

இன்னொன்று ஏறும்போது அணியும் ஹார்னஸ். அதில் வரிசை எண் இருக்கும், கடைசியாகச் சோதித்த தேதியும் இருக்க வேண்டும். ஒருமுறை ஆளைத் தாங்கிப் பிடித்த ஹார்னஸையோ அதன் கயிற்றையோ மறுபடி பயன்படுத்தக் கூடாது. தையல் உள்ளுக்குள் இழுபட்டிருக்கும். மேலே பார்க்க நன்றாகவே தெரியும். சறுக்கியது அணிந்தவருக்கு மட்டுமே தெரிந்த விஷயமாக இருந்துவிடலாம். திரும்பக் கொடுக்கும்போது அவர் அதை எழுதவில்லை என்றால், அடுத்தவர் நாற்பது மீட்டர் உயரத்தில் அதை நம்பித் தொங்குவார். ஒப்படைப்புக் குறிப்பில் வேறு எதை விட்டாலும் இந்த வரியை விடக் கூடாது.

கல்லூரிக்கு அவர் எதைக் கொண்டு போகலாம்? இங்கேயும் ஒரு எல்லை இருக்கிறது. தளங்களின் இருப்பிட விவரம், அலாரம் பதிவுகள், உள்புறப் படங்கள், கடவுச்சொற்கள் எல்லாம் நிறுவனத்துக்குச் சொந்தம். நியமனக் கடிதத்தில் இரகசியக் காப்பு விதி இருந்தால் வேலையை விட்ட பிறகும் அது அவரைக் கட்டுப்படுத்தலாம். பாடத்துக்கு உதவுமே என்று போனில் இருப்பவற்றை எடுத்துப் போகக் கூடாது. பழுதான செல் ஒன்றைக் கல்லூரி ஆய்வகத்துக்குக் கேட்கலாமா என்ற ஆசையும் வரும். பழைய ஈய அமில பேட்டரிகளை 2022-ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி முறையாகத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்ப வேண்டும். நினைத்தபடி கொடுக்கவோ வாங்கவோ முடியாது. ஒதுக்கிவைத்த ரெக்டிஃபையர் பெட்டி, கேபிள் துண்டு, கனெக்டர் போன்றவற்றைக் கல்லூரி முதல்வர் வழியாக எழுத்தில் கேட்கலாம். கடைசி நாளில் பையில் போட்டுக்கொண்டு வருவது வேண்டாம்.

ஆனால் 17-ஆம் செல்லின் கணக்கு எந்த நிறுவனத்துக்கும் சொந்தமில்லை. தளத்தின் பெயரைச் சொல்லாமல் அதை வகுப்பில் அப்படியே நடத்தலாம். டிப்ளமோ மாணவர் தொடர் மின்சுற்றில் மின்னழுத்தங்களின் கூட்டலை முதலாண்டிலேயே படித்துவிடுகிறார். கூட்டுத்தொகை சரியாக இருக்கும்போதே உறுப்புகளில் ஒன்று கெட்டிருக்கலாம் என்பதை அந்தப் பாடம் தானாகச் சொல்வதில்லை. ஆய்வக மேசையில் மறுமின்னூட்ட செல்கள் ஆறை வரிசையாகக் கோத்து, ஒன்றை மட்டும் பாதி காலியாக வைத்து, ஒரு சிறு பல்பை எரியவிட்டுப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு செல்லையும் அளக்கச் சொன்னால் போதும். அந்த ஒரு செல் சரிந்து, பூஜ்யத்தைத் தாண்டும்போது மீட்டரில் மைனஸ் குறி வரும். அந்த இடத்திலேயே சோதனையை நிறுத்திவிட வேண்டும். தலைகீழான செல் சூடாகும். அதன்பின் மாணவர்களின் அளவுத் தாள்களில் எல்லாக் கட்டங்களிலும் ஒரே எண் வந்தால் அதைக் கண்டுபிடிக்கும் கண் இந்த ஆசிரியருக்கு ஏற்கெனவே இருக்கிறது.

மே 11-ஆம் தேதிக்கும் ஜூன் 12-க்கும் இடையில் இன்னும் சில வேலைகள் மிச்சம். ஒரு வாரத்துக்குள் ஏற்புக் கடிதம் வரவில்லை என்றால் அதே மின்னஞ்சலுக்குக் கீழேயே நினைவூட்டல் அனுப்ப வேண்டும். பதில் வரவில்லை என்பதற்காக வேலைக்குப் போகாமல் நின்றுவிடக் கூடாது. அறிவிப்புக் காலம் முடியும் வரை வருகைப் பதிவு தொடர்ந்து இருக்க வேண்டும். லேப்டாப், மல்டிமீட்டர், சிம், சாவிகள் திருப்பிக் கொடுத்ததற்குப் பாக்கி இல்லைச் சான்று வாங்க வேண்டும். ஊதியச் சட்டத் தொகுப்பின்படி விலகியவரின் சம்பள பாக்கியை இரண்டு வேலைநாளுக்குள் கொடுக்க வேண்டும். 12-ஆம் தேதி வெள்ளி என்பதால் அது அடுத்த வாரத் தொடக்கத்தில் வந்துவிட வேண்டும். கிராஜுவிட்டிக்குத் தனியாக விண்ணப்பம் கொடுக்க வேண்டும். அதற்கு நிறுவனத்துக்கு 30 நாள் அவகாசம்.

அனுபவச் சான்றிதழில் பதவியும் தேதிகளும் நியமனக் கடிதத்தோடு பொருந்துகின்றனவா என்று அங்கேயே நின்று சரிபார்க்க வேண்டும். பாலிடெக்னிக்கில் துறைத்தலைவர் போன்ற பதவிகளுக்கு ஏ.ஐ.சி.டி.இ. விதிகள் தொழில்துறை அனுபவத்தையும் கணக்கில் எடுக்கின்றன. இன்று தவறாக விழும் ஒரு தேதியைப் பல ஆண்டு கழித்துத் திருத்தப் போனால், கையெழுத்துப் போட்ட ஒப்பந்த நிறுவனமே இருக்காது.

பி.எஃப். பணத்தை அவர் எடுக்கக் கூடாது. கல்லூரி கொடுக்கும் புதிய கணக்குக்கு அதே யு.ஏ.என். எண்ணில் மாற்றிக்கொள்ளலாம். ஓய்வூதியத்துக்குக் குறைந்தது பத்து ஆண்டு பணிக்காலம் வேண்டும். இவருக்கு ஏழரை ஆகியிருக்கிறது. இப்போது எடுத்துவிட்டால் கல்லூரியில் மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டிவரும். மாற்றுவதற்கு முன், பழைய நிறுவனம் விலகிய தேதியை 12.06.2026 என்று இணையத்தில் பதிவு செய்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். செய்யவில்லை என்றால், கடைசிச் சந்தா கட்டி இரண்டு மாதம் ஆன பிறகு உறுப்பினரே தன் கணக்கில் நுழைந்து அதைப் பதிவு செய்துகொள்ளலாம்.